பைத்தான் கேட்டு ஒரு கடிதம்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் எடுத்த மாணவர்கள் 11ஆம் வகுப்பில் சி++ படிக்கிறார்கள். 12ஆம் வகுப்புக்கு வந்ததும் பைத்தானுக்கு மாறுகிறார்கள். 2019-20 கல்வியாண்டில் வந்த புதிய பாடநூலிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஆய்வகத்தில் சி++ எழுதுவதற்கான டெவ் சி++ பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். பைத்தான் இருக்கிறதா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். இல்லாத இடங்களில் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கணினி ஆசிரியர் ஒரு கடிதம் எழுதுகிறார். பெரும்பாலும் அது இரண்டே வரி: "நமது பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள கணினிகளில் 12ஆம் வகுப்பு மாணவர்களின் நலன் கருதி பைத்தான் மென்பொருளை நிறுவித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மரியாதைக்குக் குறைவில்லாத கடிதம்தான். ஆனால் இதைப் படிக்கும் தலைமையாசிரியர் எதற்குச் சரி சொல்ல வேண்டும் என்று இதில் இல்லை. அவர் தமிழோ வரலாறோ விலங்கியலோ படித்துவிட்டு வந்தவராக இருக்கலாம். அவர் மனத்தில் எழும் கேள்விகள் வேறு. "சார், இதுக்குப் பணம் கட்டணுமா? கட்டணும்னா எந்தக் கணக்குல எடுக்கிறது? யாரு வந்து போடுவாங்க? ஆன்லைன் தேர்வு நடக்கிற மெஷின்ல எதையாவது போட்டு அது நின்னுபோச்சுன்னா மேலே யாரு பதில் சொல்றது?" இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லாதபோது, ஓரத்தில் "பேசவும்" என்று எழுதிக் கோப்பில் வைப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. பேசுவதற்கான நேரம் காலாண்டுத் தேர்வு முடிந்துதான் கிடைக்கிறது. அதற்குள் மாணவர்கள் பைத்தான் நிரல்களைப் பாட்டுப்போல மனப்பாடம் செய்து நோட்டில் எழுதிப் பழகிவிடுகிறார்கள்.

கடிதத்தை நீளமாக எழுதினால் இது சரியாகிவிடாது. எழுதுவதற்கு முன் ஆசிரியர் ஒரு பிற்பகல் முழுவதையும் ஆய்வகத்தில் செலவிட வேண்டும். ஒவ்வொரு கணினியின் முன்னும் உட்கார்ந்து அதில் எது ஏறும், எது ஏறாது என்று குறித்துக்கொண்டு வந்தால் கடிதம் தானாக எழுதிக்கொள்ளும்.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் 20 கணினிகள். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு திட்டங்களில் வந்தவை. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலக் கறுப்புப் பெட்டிகள்தான். ஆசிரியர் ஒவ்வொன்றிலும் `winver` என்று தட்டிப் பார்க்கிறார். எந்த விண்டோஸ் என்று அது சொல்லிவிடும். கணினியின் பண்புகள் பக்கத்தில் `System type` என்ற வரியில் 32 பிட்டா, 64 பிட்டா என்று இருக்கும். பார்த்து முடித்ததும் நோட்டில் இப்படி நிற்கிறது: 12 கணினிகளில் விண்டோஸ் 10, 64 பிட். 6 கணினிகளில் விண்டோஸ் 7, 32 பிட். மீதி 2 கணினிகளில் உபுண்டு.

இந்த மூன்று வகைக்கும் பைத்தான் ஒரே கோப்பு அல்ல. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி வரிசை பைத்தான் 3.8. அதற்குப் பின் வந்த 3.9இலிருந்து எதையும் விண்டோஸ் 7 ஏற்காது. 3.8 வரிசையிலும் விண்டோஸுக்கான நிறுவல் கோப்போடு கடைசியாக வந்தது 3.8.10. அது 2021இல் வெளியானது. இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் மஞ்சள் பொத்தானை அழுத்திப் புதிய பதிப்பை இறக்கி வந்தால் அந்த ஆறு கணினிகளிலும் நிறுவல் முதல் திரையிலேயே நின்றுவிடும். கோப்பின் பெயரையும் கவனிக்க வேண்டும். `python-3.8.10-amd64.exe` என்பது 64 பிட்டுக்கு. `amd64` என்ற ஒட்டு இல்லாத `python-3.8.10.exe` 32 பிட்டுக்கு. முதல் கோப்பை 32 பிட் விண்டோஸில் திறந்தால், இது இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்ற செய்திதான் வரும். இன்னொன்று, விண்டோஸ் 7இல் சர்வீஸ் பேக் 1உம் அதற்குப் பிந்தைய புதுப்பிப்புகளும் ஏறியிருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து இணையமே காணாத கணினி என்றால் 3.8கூட ஏறாமல் போகலாம்.

அப்படியானால் எல்லாக் கணினிகளிலும் 3.8.10ஐயே ஏற்றிவிட்டால் சீராக இருக்குமே என்று தோன்றும். பாடநூலில் உள்ள எல்லாம் 3.8இல் ஓடும் என்பதும் உண்மைதான். ஆனாலும் விண்டோஸ் 10 உள்ள 12 கணினிகளில் 3.12 போன்ற புதிய பதிப்பைப் போடச் சொல்வேன். காரணம், பிழைச் செய்தி. முதல் மாதத்தில் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு, `if` வரியின் கடைசியில் முக்காற்புள்ளி வைக்க மறப்பது. அதற்கு 3.8 சொல்வது `SyntaxError: invalid syntax` என்று மட்டும். ஏதோ தவறு என்று தெரிகிறது, என்ன தவறு என்று தெரிவதில்லை. மாணவி கையைத் தூக்கி ஆசிரியருக்காகக் காத்திருக்கிறாள். 3.10இலிருந்து வந்த பதிப்புகள் அதே இடத்தில் `SyntaxError: expected ':'` என்கின்றன. அவளே திருத்திக்கொள்கிறாள். நாற்பது பேருக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் ஆய்வகத்தில் இந்த ஒரு வேறுபாடு தினமும் கணக்கில் வரும். அதோடு 3.8க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2024 அக்டோபரோடு நின்றுவிட்டது. வேறு வழியில்லாத கணினிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது.

உபுண்டு கணினிகளில் பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது. `python3` என்று தட்டினால் வந்துவிடும். ஆனால் மாணவர்கள் நிரல் எழுதிப் பழகும் ஐடில் என்ற சாளரம் அதில் இருக்காது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பாடத்துக்குத் தேவையான இன்னொரு தொகுப்பையும் ஒரே கட்டளையில் சேர்த்துக்கொள்ளலாம்:

```
sudo apt install idle python3-matplotlib
```

இனி கடிதம் எழுதுபவர்கள் அடிக்கடி தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். பைத்தான் என்று கேட்டால் எது கூடவே வரும், எது வராது என்பதைப் பாடநூலை முன்னால் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். விண்டோஸில் பைத்தானை நிறுவினால் ஐடில் கூடவே வந்துவிடும். காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்புகளைக் கையாளும் `csv` வந்துவிடும். பைத்தான் வழியாக எஸ்க்யூஎல் எழுதும் பாடத்துக்கான `sqlite3` வந்துவிடும். ஆகவே புத்தகத்தின் பெரும்பகுதிக்கு இந்த ஒரு நிறுவலே போதும்.

போதாத இடங்கள் இரண்டு. முதலாவது, கடைசிப் பாடமான தரவுக் காட்சிப்படுத்தல். கோட்டு வரைபடம், பட்டை வரைபடம், வட்ட வரைபடம் வரைவதற்கு அதில் `matplotlib` வேண்டும். இது பைத்தானோடு வராது. `pip` என்ற கருவி வழியாக இணையத்திலிருந்து தனியே இறக்க வேண்டும். தான் மட்டுமல்லாமல் `numpy` முதலான சில துணைத் தொகுப்புகளையும் அது இழுத்துக்கொண்டு வரும். ஆய்வகத்தில் இணையம் இல்லையென்றால், அல்லது இருபது கணினியும் ஒரே நேரத்தில் இறக்க முடியாத அளவுக்கு மெதுவானதென்றால், கடைசிப் பாடத்துக்கு வரும்போதுதான் இந்தச் சிக்கல் தெரியவரும். அப்போது செய்முறைத் தேர்வு நெருங்கியிருக்கும். இன்னொரு கடிதம், இன்னொரு "பேசவும்".

இதைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. இணையம் உள்ள ஒரு கணினியில், அதே விண்டோஸ் வகை, அதே பைத்தான் பதிப்போடு, தொகுப்புகளை ஒரு கோப்புறையில் இறக்கிக்கொள்ளலாம். பிறகு பென்டிரைவில் எடுத்துச் சென்று இணையம் இல்லாத கணினிகளில் ஏற்றலாம். முதல் வரி இறக்குவதற்கு, இரண்டாவது ஏற்றுவதற்கு:

```
py -m pip download matplotlib -d D:\pkgs
py -m pip install --no-index --find-links=D:\pkgs matplotlib
```

`D:` என்ற இடத்தில் பென்டிரைவின் எழுத்து எதுவோ அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதே வகை, அதே பதிப்பு என்பதை மறக்கக் கூடாது. 64 பிட் 3.12க்கு இறக்கிய தொகுப்பு 32 பிட் 3.8இல் ஏறாது. நம் பள்ளிக்கு இரண்டு கோப்புறைகள் தேவைப்படும்.

இரண்டாவது, சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்கும் பாடம். இதற்கு `g++` என்ற தொகுப்பி வேண்டும். பலர் இதையும் புதிதாக இறக்கக் கிளம்பிவிடுகிறார்கள். 11ஆம் வகுப்புக்காக ஏற்றிவைத்த டெவ் சி++ தன் கோப்புறைக்குள்ளேயே இந்தத் தொகுப்பியை வைத்திருக்கும். `MinGW64` என்ற உள்கோப்புறையில் `bin` என்ற இடத்தில் அது கிடைக்கும். புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். அந்த இடத்தைக் கணினியின் `PATH` பட்டியலில் சேர்த்தால் போதும். ஆனால் எல்லா மாணவர்களுக்குமாக அதைச் சேர்க்க நிர்வாகி கடவுச்சொல் தேவை. எனவே அதற்கான அனுமதியையும் இதே கடிதத்தில் கேட்டுவிட வேண்டும். மைஎஸ்க்யூஎல் மட்டும் விதிவிலக்கு. அது பின்னணியில் எப்போதும் ஓடும் ஒரு சேவை, தனக்கென்று கடவுச்சொல் உள்ளது. அதைப் பைத்தானோடு சேர்த்துக் கேட்டால் தலைமையாசிரியருக்கு இரண்டும் ஒரே பாரமாகத் தெரியும். தனிக் கடிதமாகக் கேட்பதே நல்லது.

நிர்வாகி கடவுச்சொல் என்றேன். உண்மையில் கடிதத்தின் உயிர்நாடி அதுதான். விண்டோஸில் பைத்தானை இரண்டு விதமாக நிறுவலாம். நிறுவல் திரையில் பெரிதாகத் தெரியும் `Install Now` என்பதை அழுத்தினால், அது அப்போது யார் உள்நுழைந்திருக்கிறாரோ அவருக்கு மட்டும் நிறுவும். அவருடைய சொந்தக் கோப்புறைக்குள், `AppData` என்ற மறைந்த இடத்தில் போய் உட்காரும். ஆசிரியர் தன் கணக்கில் நுழைந்து நிறுவிவிட்டு, ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று திருப்தியோடு போகிறார். மறுநாள் மாணவர் கணக்கில் நுழைந்தவர்களுக்குப் பைத்தானே தெரியாது. "சார், எங்க மெஷின்ல இல்ல சார்." ஆசிரியர் தன் கணக்கில் நுழைந்து பார்த்தால் இருக்கிறது. இந்தக் குழப்பத்தில் ஒரு பாடவேளை போய்விடும்.

செய்ய வேண்டியது, `Customize installation` என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது திரையில் எல்லாப் பயனர்களுக்கும் என்ற பெட்டியில் குறியிடுவது. அப்போது பைத்தான் `C:\Program Files` என்ற பொது இடத்துக்குப் போகும். அதைச் செய்ய நிர்வாகி உரிமை வேண்டும். முதல் திரையின் அடியில் `Add python.exe to PATH` என்ற பெட்டி இருக்கிறது. இயல்பாக அது குறியிடப்படாமல் இருக்கும். அதையும் குறியிட வேண்டும். இல்லாவிட்டாலும் ஐடில் ஓடும். ஆனால் கட்டளைச் சாளரத்தில் `python` என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று சொல்லும். விண்டோஸ் 10இல் அதைவிடக் குழப்பமான ஒன்று நடக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டு இங்கே வாங்கிக்கொள் என்று நிற்கும். நிறுவல் தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தப் பெட்டியில் குறியிடவில்லை என்றுதான் பொருள்.

கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதைக் கடிதம் எழுதும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் தலைமையாசிரியரிடம், சில இடங்களில் ஆய்வகத்தைப் பராமரிக்கும் நிறுவனத்திடம். நிறுவனத்திடம் என்றால் தலைமையாசிரியர் அனுமதி தருவதோடு வேலை முடியாது. பராமரிப்பாளருக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவோ எழுதவோ வேண்டும். கடிதத்தில் அதைக் கேட்டால்தான் அவர் செய்வார்.

இதே சுற்றில் இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். சில ஆய்வகங்களில், கணினியை அணைத்து ஏற்றியதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும் மென்பொருள் போட்டு வைத்திருப்பார்கள். மாணவர்கள் அமைப்புகளை மாற்றிக் கெடுத்துவிடாமல் இருக்க அது நல்ல காவல். ஆனால் பைத்தானும் மறுநாள் காலையில் காணாமல் போய்விடும். கண்டுபிடிப்பது எளிது. திரையிலும் `C:` வட்டிலும் ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். கோப்புறை மறைந்துவிட்டால் அந்தக் காவல் இருக்கிறது. அதைத் தற்காலிகமாக விலக்கி, பைத்தானை ஏற்றி, மறுபடி பூட்டித் தருமாறு பராமரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகு ஒரே ஒரு கணினியில் முழுதாகச் செய்து பார்ப்பது அவசியம். அதற்கு வாய்மொழி அனுமதி போதும். "மேடம், ஒரு மெஷின்ல மட்டும் போட்டுப் பார்த்துட்டு உங்ககிட்ட எழுதித் தரேன்" என்றால் மறுக்கும் தலைமையாசிரியர் குறைவு. நிறுவி முடித்ததும் மாணவர் கணக்கில் நுழைந்து, ஐடிலைத் திறந்து, இந்த ஆறு வரிகளை ஓட்ட வேண்டும்:

```python
import sys
import csv, sqlite3
import matplotlib.pyplot as plt
print(sys.version)
plt.bar(["A", "B", "C"], [40, 65, 50])
plt.show()
```

பதிப்பு எண் தெரிந்து, மூன்று பட்டைகளோடு ஒரு சாளரம் திறந்தால், அந்தக் கணினியில் மேலே சொன்ன பாடங்களுக்கு வேண்டியது வந்துவிட்டது. இரண்டு இடங்களில் ஏமாந்துவிடக் கூடாது. `A`, `B` என்பதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகளைக் கொடுத்தால் வரைபடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். `matplotlib` இயல்பாகப் பயன்படுத்தும் எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். நிறுவலில் குறை இல்லை. இன்னொன்று, இந்த நிரலை `csv.py` என்றோ `matplotlib.py` என்றோ பெயரிட்டுச் சேமிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பைத்தான் உண்மையான தொகுப்பை விட்டுவிட்டு நம் கோப்பையே திறந்து பார்த்து, தேடியது இல்லை என்று சொல்லும். நன்றாக நிறுவிய கணினியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பணமும் வைரஸும் பற்றித் தலைமையாசிரியருக்கு இருக்கும் கவலைக்கு இரண்டு வரிப் பதில் உண்டு. பைத்தான் கட்டற்ற மென்பொருள். பள்ளிக்கும் வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் ஒரே உரிமம், கட்டணம் இல்லை, கணினிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. `python.org` என்ற தளத்திலிருந்து நேராக இறக்கிய கோப்பில் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் மின்கையொப்பம் இருக்கும். நிறுவும்போது விண்டோஸ் அனுமதி கேட்டுக் காட்டும் திரையில் வெளியீட்டாளர் பெயராக அதுவே தெரிய வேண்டும். வேறு பெயரோ, பெயர் தெரியாதது என்றோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கடையில் இருந்து யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த கோப்பை வாங்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது கடிதம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

"அனுப்புநர்: கணினிப் பயிற்றுநர், அரசு மேல்நிலைப் பள்ளி.
பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள், அரசு மேல்நிலைப் பள்ளி.

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: 12ஆம் வகுப்பு கணினி அறிவியல் செய்முறை - ஆய்வகக் கணினிகளில் பைத்தான் நிறுவ அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

12ஆம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலின் செய்முறைப் பயிற்சிகளுக்குப் பைத்தான் மென்பொருள் தேவைப்படுகிறது. நம் ஆய்வகத்தின் 20 கணினிகளையும் பார்வையிட்டேன். 12 கணினிகளில் பைத்தான் 3.12 பதிப்பும், பழைய விண்டோஸ் உள்ள 6 கணினிகளில் 3.8.10 பதிப்பும் நிறுவலாம். உபுண்டு உள்ள 2 கணினிகளில் பைத்தான் ஏற்கெனவே உள்ளது. துணைத் தொகுப்புகள் மட்டும் சேர்க்க வேண்டும். வரைபடப் பாடத்துக்கான தொகுப்பையும் இதனுடனே ஏற்றிவிடலாம். சி++ தொகுப்பி ஏற்கெனவே உள்ளது. அதன் இருப்பிடத்தைக் கணினி அமைப்பில் சேர்த்தால் போதும்.

இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒரு கணினிக்கு அரை ஜிபிக்கும் குறைவான இடம் போதும். ஏற்கெனவே உள்ள எந்த மென்பொருளையும் நீக்கவோ மாற்றவோ போவதில்லை. தாங்கள் அனுமதித்தபடி ஒரு கணினியில் நிறுவிப் பார்த்தேன். நன்றாக இயங்குகிறது, தாங்கள் வந்து பார்வையிடலாம்.

தங்களிடம் வேண்டுவன: கணினிகளின் நிர்வாகி கடவுச்சொல் பராமரிப்பு நிறுவனத்திடம் உள்ளதால், அவர்களுடைய பணியாளர் ஒரு நாள் உடனிருக்குமாறு தெரிவிக்க வேண்டுகிறேன். இணையவழித் தேர்வு ஏதும் இல்லாத சனிக்கிழமை ஒன்றில் ஆய்வகத்தைத் திறந்து பணி செய்ய அனுமதிக்க வேண்டுகிறேன். ஏதேனும் கணினியில் சிக்கல் வந்தால் பைத்தானை மட்டும் நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அப்பொறுப்பை நான் ஏற்கிறேன். பணி முடிந்ததும் கணினிவாரியாக அறிக்கை தருகிறேன்.

இணைப்பு: 20 கணினிகளின் பட்டியல்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,"

கடிதத்தில் தொழில்நுட்பப் பெயர்கள் குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். கட்டளைகள், கோப்புப் பெயர்கள், 32 பிட், 64 பிட் எல்லாம் இணைப்புப் பட்டியலுக்குப் போய்விட்டன. தலைமையாசிரியர் முடிவு செய்ய வேண்டியவை இரண்டே: பராமரிப்பு நிறுவனத்துக்குச் சொல்வது, ஒரு சனிக்கிழமையைத் தருவது. அவை இரண்டும் ஒரே பத்தியில் இருக்கின்றன. அவர் அதன் ஓரத்தில் "அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். பொறுப்பை ஏற்கிறேன் என்ற வரியைச் சிலர் எழுதத் தயங்குவார்கள். ஒரு கணினியில் செய்து பார்த்தவருக்கு அந்தத் தயக்கம் வராது.

இணைப்புப் பட்டியல் ஒரே பக்கம். வரிசை எண், கணினியில் ஒட்டியிருக்கும் இருப்புப் பதிவேட்டு எண், விண்டோஸ் வகை, வட்டில் காலியிடம், ஏற்றப்போகும் பதிப்பு, கடைசியில் குறிப்பு. குறிப்புப் பத்தியில்தான் உண்மை நிலவரம் தெரியும்: "வட்டு நிறைந்துள்ளது", "சர்வீஸ் பேக் இல்லை", "விசைப்பலகை வேலை செய்யவில்லை". பைத்தானைக் கேட்கப் போய், பழுதான இரண்டு விசைப்பலகைகளும் அன்றைக்கே தலைமையாசிரியர் கவனத்துக்கு வந்துவிடும்.

சனிக்கிழமை வந்ததும் ஒவ்வொரு கணினியிலும் திரை திரையாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பைத்தானின் நிறுவல் கோப்பு, கேள்வி கேட்காமல் நிறுவும் முறையையும் அனுமதிக்கிறது. பராமரிப்புப் பணியாளர் நிர்வாகியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து தந்ததும், பென்டிரைவிலிருந்து இந்த ஒரு வரி போதும்:

```
python-3.12.10-amd64.exe /quiet InstallAllUsers=1 PrependPath=1
```

முன்பு சொன்ன இரண்டு பெட்டிகளையும் இந்த வரியே குறியிட்டுவிடுகிறது. திரையில் எதுவும் தெரியாது. சில நிமிடங்களில் தானாக முடிந்துவிடும். அதுவரை அடுத்த கணினிக்குப் போய்விடலாம். எல்லாம் முடிந்து, ஒருமுறை அணைத்து ஏற்றிய பிறகு, ஒவ்வொன்றிலும் மாணவர் கணக்கில் நுழைந்து அந்த ஆறு வரி நிரலை ஓட்டிப் பார்த்துப் பட்டியலில் குறியிட வேண்டும். நிர்வாகி கணக்கிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறியிட்டால், எந்தத் தவறைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டோமோ அது மறுபடி உள்ளே வந்துவிடும்.

எல்லாக் கணினியும் தேறாது. நம் பள்ளியில் 18 தேறி, பழைய விண்டோஸ் உள்ள இரண்டு புதுப்பிப்பு இல்லாமல் நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை தரும் அறிக்கையில் அந்த இரண்டின் எண்ணையும் காரணத்தையும் எழுத வேண்டும். அவற்றில் உபுண்டு போடலாமா என்று கேட்பதற்கு அந்த அறிக்கையே அடிப்படை. அதற்குள் அந்த இரண்டு கணினிகளையும் 11ஆம் வகுப்பின் சி++க்கு ஒதுக்கிவிட்டு, 12ஆம் வகுப்பு மாணவர்களை 18 கணினிகளுக்கு இருவர் இருவராகப் பிரித்துக்கொள்ளலாம்.

நிறுவல் கோப்புகள், இரண்டு தொகுப்புக் கோப்புறைகள், ஆறு வரிச் சோதனை நிரல் ஆகிய அனைத்தையும் ஒரு பென்டிரைவில் போட்டு, பெயர் ஒட்டி, ஆய்வக அலமாரியில் வைத்துவிட வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகலும் பட்டியலும் அதோடு இருக்கட்டும். பழுது பார்க்கப் போய் முழுதாக அழிக்கப்பட்டுத் திரும்பிவரும் கணினிக்கு மறுபடி முதலிலிருந்து கடிதம் எழுதத் தேவையில்லை. ஆசிரியர் மாறுதலில் போய்விட்டாலும், அடுத்து வருபவர் அலமாரியைத் திறந்து அதே பாடவேளைக்குள் அதை ஓடவைத்துவிடலாம்.